ஸ்லைடில் ஏறும் ஆங்கிலச் சொல்: எதை விடலாம், எதை மாற்றலாம்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். பூம்பாறையில் பாடம் நடத்துபவருக்கும் பண்ணைக்காட்டில் பாடம் நடத்துபவருக்கும் இன்று பொதுவாக இருக்கும் ஒரு வேலை, ஸ்லைடு தயாரிப்பது. 'படவில்லை' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ஆனாலும் நான் ஸ்லைடு என்றே சொல்லப்போகிறேன். அதற்கு என்ன காரணம் என்பதில்தான் இன்றைய பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழ் ஸ்லைடில் ஆங்கிலச் சொல் எப்போது வரலாம், எப்போது வரக்கூடாது? இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் உண்டு. 'முழுக்கத் தமிழில் எழுது' என்பது ஒன்று. 'பேசுகிற மாதிரி எழுது' என்பது இன்னொன்று. இரண்டுமே வகுப்பில் இடறுகின்றன. முதலாவதைப் பின்பற்றினால் யாரும் பேசாத சொற்கள் திரையில் ஏறுகின்றன. இரண்டாவதைப் பின்பற்றினால் பிள்ளையின் நோட்டில் 'நேச்சுரல் வாட்டர் டேங்க்' என்று ஏறுகிறது.

நோட்டு என்று சொன்னேன். பேச்சுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள வேறுபாடே அதுதான். நாம் பேசும்போது ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்லி, அடுத்த வாக்கியத்திலேயே தமிழில் சொல்லி, கையால் காட்டி விளக்கிவிடுகிறோம். சொன்னது காற்றோடு போகும், பொருள் மனதில் நிற்கும். ஸ்லைடில் உள்ளது அப்படிப் போகாது. கடைசி வரிசைப் பிள்ளை அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் நாம் இல்லாதபோதும் அந்தச் சொல் நோட்டில் இருக்கும். ஆகவே பேச்சில் எவ்வளவு கலப்பு இருந்தாலும், ஸ்லைடுக்குத் தனியாக முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து எங்கே பார்க்கும்?

ஒவ்வொரு சொல்லுக்கும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: இந்தச் சொல்லைப் பிள்ளை அடுத்து எங்கே பார்க்கும்? பாடநூலிலா, ஒரு பலகையிலோ செல்போன் திரையிலோவா, வீட்டுப் பேச்சிலா? எங்கே பார்க்குமோ அங்கே இருக்கும் சொல்லே ஸ்லைடிலும் இருக்க வேண்டும்.

பாடநூலிலிருந்து தொடங்குவோம். நம் ஊரிலுள்ள சூரிய ஆய்வகத்தைப் பற்றி ஒரு ஸ்லைடு தயாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1899இல் நிறுவப்பட்ட ஆய்வகம் அது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே ஒன்றைக் கண்டறிந்தார். சூரியப் புள்ளியின் கருத்த நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வெளிர் வளையம் இருக்கும். அந்த வளையத்தில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. நிறமாலைக் கோடுகள் சற்று இடம் பெயர்ந்திருப்பதைப் பார்த்து அவர் இதை அறிந்தார்.

இந்த ஸ்லைடில் 'டெலஸ்கோப்', 'ஸ்பெக்ட்ரம்', 'எஃபெக்ட்' என்று எழுதலாமா? பிள்ளைகள் டெலஸ்கோப் என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள்தான். ஆனால் அறிவியல் பாடநூலில் அவர்கள் படிப்பது தொலைநோக்கி, நிறமாலை, இராமன் விளைவு. தேர்வுத்தாளிலும் அவையே வரும். ஆகவே ஸ்லைடில் தொலைநோக்கி, நிறமாலை, எவர்ஷெட் விளைவு. ஆளின் பெயர் அப்படியே நிற்கிறது, கருத்துக்குரிய சொல் தமிழாகிறது. 'இராமன் விளைவு' படித்த பிள்ளைக்கு 'எவர்ஷெட் விளைவு' என்ற தொடரின் அமைப்பு உடனே புரிந்துவிடும்.

அதே பாடநூல் ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு என்றும் எழுதுகிறது. அங்கே நாம் தனியாக 'உயிர்வளி' என்று எழுதினால் பிள்ளைக்கு ஒரே பொருளுக்கு இரண்டு பெயராகிவிடும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இவை ஒட்சிசன், காபனீரொட்சைட்டு. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அதுவே இயல்பு. எது தூய தமிழ் என்ற விவாதத்தை ஸ்லைடில் தீர்க்க முடியாது. எந்த நூல் பிள்ளையின் கையில் இருக்கிறதோ அந்த நூலின் சொல்லைப் பின்பற்றுவதே போதும்.

இரண்டாவது, பலகையும் திரையும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை என்ற நடைமுறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்தது நினைவிருக்கும். சுற்றுலா பற்றியோ போக்குவரத்து நெரிசல் பற்றியோ பாடம் நடத்தினால் இந்தச் சொல் வந்தே தீரும். 'மின் அனுமதிச்சீட்டு' என்று எழுதினால் பொருள் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், மதுரையிலிருந்து வரும் மாமாவிடம் என்ன சொல்லும்? சோதனைச் சாவடியில் கேட்பது இ-பாஸ். செல்போனில் தட்ட வேண்டியதும் இ-பாஸ் தளத்தின் முகவரி. அங்கே போய்ச் சேர உதவும் சொல் இ-பாஸ்தான். ஆகவே அது ஸ்லைடில் அப்படியே இருக்கட்டும். இணைய முகவரியையும் திரையில் தெரியும் பெயர்களையும் உள்ளபடியே எழுத வேண்டும். அவற்றைத் தமிழாக்கினால் பிள்ளைக்குத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இதே கேள்வி சில இடங்களில் நம்மைத் தமிழ்ப் பக்கமும் தள்ளும். நாம் எல்லாரும் 'பஸ் ஸ்டாண்டு' என்றுதான் பேசுகிறோம். பலகையில் இருப்பது 'பேருந்து நிலையம்'. ஸ்லைடில் அதையே எழுதலாம், ஒரு பிள்ளையும் தடுமாறாது. எமிஸ் என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை, எங்கும் எமிஸ் என்றே பார்க்கிறோம். அது அப்படியே இருக்கட்டும்.

நம் ஊர் இடப்பெயர்களைப் பாருங்கள். தூண் பாறை தமிழாகிவிட்டது. வெள்ளி நீர்வீழ்ச்சியும் அப்படியே. ஆனால் கோக்கர்ஸ் வாக் கோக்கர்ஸ் வாக்காகவே இருக்கிறது. 1872இல் அந்தப் பாதையை அமைத்த கோக்கர் என்பவரின் பெயர் அது. தோற்றத்தைச் சொல்லும் பெயர் தமிழுக்கு எளிதில் வருகிறது. ஆளைச் சொல்லும் பெயர் வருவதில்லை. பிரையண்ட் பூங்காவில் பாதி வந்திருக்கிறது: ஆள் நின்றார், பார்க் பூங்காவாயிற்று. மக்கள் இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்து வைத்திருக்கும்போது நாம் புதிதாக 'கோக்கர் நடைபாதை' என்று எழுத வேண்டியதில்லை.

ஒரு ஸ்லைடைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. எட்டாம் வகுப்புக்குச் சோலைக்காடு பற்றிய ஸ்லைடு. பேச்சு மொழியிலேயே எழுதினால் இப்படி வரும்:

*ஷோலா ஃபாரஸ்ட் ஒரு நேச்சுரல் வாட்டர் டேங்க். வாட்டில், பைன் போன்ற எக்ஸாட்டிக் ஸ்பீஷீஸால் கிராஸ்லேண்ட் குறைகிறது. பைசன் ஊருக்குள் வருகிறது.*

எதிர்ப்பக்கம் போனால் இப்படி வரும்:

*சோலைவனங்கள் இயற்கையின் நீர்த்தேக்கிகளாகும். அயல்நாட்டுச் சீகை, ஊசியிலை மரச் சிற்றினங்களின் ஆக்கிரமிப்பினால் புல்வெளிகள் அருகி வருகின்றன. காட்டெருமைகள் குடியிருப்புகளுக்குள் பிரவேசிக்கின்றன.*

முதலாவது காதுக்குப் பழகியது, ஆனால் நோட்டில் ஏறத் தகுதியில்லாதது. இரண்டாவது சரியாகத் தோன்றும், ஆனால் கடைசி வரிசை அதைப் படித்து முடிப்பதற்குள் நாம் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்போம். ஒவ்வொரு சொல்லாக எடுப்போம்.

'ஷோலா'. ஆங்கிலத்தில் எழுதப்படும் அந்தச் சொல் நம் 'சோலை'தான். நம்மிடமிருந்து போன சொல்லை ஷகரம் போட்டுத் திரும்ப வாங்கக்கூடாது. சோலை என்றே எழுதுவோம்.

'ஃபாரஸ்ட்'. காடு என்று ஒரு சொல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது மட்டுமல்ல. மலையில் 'ஃபாரஸ்ட்ல இருந்து வந்தாங்க' என்றால் வனத்துறையிலிருந்து வந்தார்கள் என்று பொருள். இரவல் வந்த சொல் இங்கே வேறு வேலைக்கு அமர்ந்துவிட்டது. 'ஃபாரஸ்ட் தண்ணீரைச் சேமிக்கிறது' என்று ஸ்லைடில் எழுதினால் வனத்துறை தொட்டி கட்டுகிறது என்று ஒரு பிள்ளை நினைத்தால் அது பிள்ளையின் பிழை அல்ல. பேச்சில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நாம் நினைக்கும் பொருளில்தான் அங்கே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

'வாட்டர் டேங்க்', 'நீர்த்தேக்கி' இரண்டுமே பொருந்தவில்லை. சோலையும் சுற்றியுள்ள புல்வெளியும் தொட்டிபோல நீரைத் தேக்கி வைப்பதில்லை. மழைநீரை மண்ணில் உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. மழை நின்ற பிறகும் ஓடை ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே குறை மொழியில் இல்லை, கருத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முயலும்போதுதான் இது வெளிப்படுகிறது. எதுவும் பொருந்தாவிட்டால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு நடப்பதை வினையாகச் சொல்லுங்கள்: 'மழைநீரை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடும்.'

'பைசன்' அல்லது 'காட்டெருமை'. செய்தித்தாளில் காட்டெருமை என்று வருகிறது. ஆனால் நம் மலையில் திரியும் அந்த விலங்கு எருமை இனம் அல்ல, மாட்டினம். ஆங்கிலத்தில் வழங்கும் பைசன் என்ற பெயரும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வேறொரு விலங்குக்கு உரியது. இரண்டு பெயரும் தவறான இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகின்றன. 'காட்டுமாடு' என்ற சொல் நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது, உயிரியலுக்கும் ஒத்துப்போகிறது. அதை எடுத்துக்கொள்வோம். செய்தித்தாளில் காட்டெருமை என்று படித்தால் இதுதான் அது என்று வாயால் சொல்லிவிடலாம்.

இனி 'வாட்டில்'. இதுதான் கடினமானது, இதில் கொஞ்சம் நிற்போம்.

வாட்டிலும் பாட்டிலும்

வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா வகை மரம். பட்டையில் தோல் பதனிடும் சத்து இருப்பதாலும் விறகுக்காகவும் மலைகளில் நடப்பட்டது. விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் ஒரேயடியாக முளைக்கும். அப்படித்தான் புல்வெளிக்குள் பரவியது.

இதற்கு நீலகிரிப் பக்கம் 'சீகை' என்ற பெயர் வழங்குகிறது. அதை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் சீகை என்றதும் நம் பிள்ளைக்கு நினைவு வருவது தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய். அது நம் நாட்டுக் கொடி, பயனுள்ளது. 'சீகையை அகற்ற வேண்டும்' என்று ஸ்லைடில் எழுதினால் எதை அகற்றச் சொல்கிறோம்? தமிழ்ச் சொல் இருந்தும் அது வேறொரு பொருளில் வீட்டில் குடியிருந்தால், இரவல் சொல்லே குழப்பம் குறைவானது. ஆகவே வாட்டில்.

ஆனால் 'வாட்டில்' என்று தனியே எழுதினால் இன்னொரு சிக்கல். சத்தமாகப் படித்துப் பாருங்கள்: 'வாட்டில் அதிகம் பரவியுள்ளது.' தமிழ் வாசிக்கப் பழகிய கண் 'இல்' என்று முடிவதைக் கண்டதும் ஏழாம் வேற்றுமை என்று எடுத்துக்கொள்ளும். எதில் பரவியுள்ளது? 'வாட்டு' என்பதில். இதே சிக்கல் 'பாட்டில்' என்ற சொல்லில் எல்லாருக்கும் தெரிந்தது. 'பாட்டில் என்ன இருக்கிறது?' என்று எழுதினால் இது குப்பியைப் பற்றிய கேள்வியா, செய்யுளைப் பற்றிய கேள்வியா? பேச்சில் ஓசையும் சூழலும் காப்பாற்றிவிடும். ஸ்லைடில் இருப்பது ஒற்றை வரி, காப்பாற்ற யாரும் இல்லை.

இதற்குத் தீர்வு எளிது. இரவல் சொல்லுக்குப் பின்னால் அது என்ன வகைப் பொருள் என்று காட்டும் ஒரு தமிழ்ப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வாட்டில் மரம். பைன் காடு. பிளாஸ்டிக் பாட்டில் என்பதிலும் முன்னால் உள்ள சொல் காவலுக்கு நிற்கிறது. இதில் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, சொல் தெரியாத பிள்ளைக்கும் அது மரம் என்று தெரிந்துவிடும். இரண்டாவது, வேற்றுமை உருபும் பன்மையும் தமிழ்ச் சொல்லின் மீது ஏறிக்கொள்ளும். 'வாட்டில்களை', 'வாட்டிலால்' என்று நாக்கு இடறாமல் 'வாட்டில் மரங்களை', 'வாட்டில் மரத்தால்' என்று வழுக்கிக்கொண்டு போகும். உருபு சேர்க்கும்போது ஒரு சொல் முரண்டு பிடித்தால், அது இன்னும் தமிழில் குடியேறவில்லை என்று பொருள். துணைக்கு ஒரு தமிழ்ச் சொல்லை அனுப்புங்கள்.

ரோமன் எழுத்தில் சொல்லை எழுதி, சிறு கோடு போட்டு 'இல்', 'ஐ' சேர்க்கும் பழக்கத்தையும் இந்த இடத்தில் விட்டுவிடலாம். வரி மடியும்போது உருபு மட்டும் அடுத்த வரியில் தனியாக வந்து நிற்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை அதைத் தனிச் சொல்லாகவே படிக்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். வந்த சொல்லை நம் எழுத்தில், நம் இலக்கணத்தில் அமர்த்துவது நமக்குப் புதியதல்ல. வடசொல்லையும் திசைச்சொல்லையும் தனி வகையாகவே வைத்து இடம் கொடுத்தது தொல்காப்பியம்.

பெயர் வரட்டும், வினை வேண்டாம்

மலைத்தோட்டத்தைப் பாருங்கள். உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வந்த பயிர், முழுத் தமிழ்ப் பெயர் பெற்றுவிட்டது. கேரட், பீன்ஸ் வந்த பெயரோடே இருக்கின்றன. முட்டைக்கோஸ் பாதிக்குப் பாதி. மூன்றையும் ஸ்லைடில் இப்படியே எழுதலாம், எதுவும் ஒட்டவைத்ததாகத் தெரியாது. பொருளோடு சேர்ந்து வந்த பெயர் தமிழில் எளிதில் தங்கிவிடுகிறது.

வினை அப்படி அல்ல. 'கேரட்டை வாஷ் பண்ணவும்', 'ஆன்லைனில் அப்ளை செய்யவும்', 'குப்பையை செக்ரிகேட் செய்யவும்' என்று எழுதினால் வரி உடனே செயற்கையாகிவிடுகிறது. கழுவு, விண்ணப்பி, தரம் பிரி என்று வினைகள் நம்மிடம் இருக்கின்றன. அவை குறுகியவையும்கூட, ஸ்லைடில் இடமும் மிச்சமாகும். 'பண்ணவும்', 'செய்யவும்' என்று முடியும் வரிகளைத் தேடுங்கள். அவற்றுக்கு முன்னால் ஆங்கிலச் சொல் இருந்தால் பெரும்பாலும் அதை மாற்றிவிடலாம். 'இ-பாஸுக்கு அப்ளை செய்யவும்' என்பதை 'இ-பாஸுக்கு விண்ணப்பிக்கவும்' என்று மாற்றிப் பாருங்கள். பெயர் இரவல், வினை நம்முடையது. படிக்கும்போது வரி தமிழாகவே ஒலிக்கும்.

இப்போது நம் சோலை ஸ்லைடு இப்படி வந்து நிற்கிறது:

*சோலைக்காடு*
*மழைநீரை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடும்.*
*வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. புல்வெளியில் பரவுகிறது.*
*புல்வெளி குறைந்தால் காட்டுமாடு எங்கே மேயும்?*

ஓர் ஆங்கிலச் சொல்தான் மிஞ்சியது. ஒன்றே போதும் என்று முன்கூட்டி முடிவு செய்து நாம் அங்கே போகவில்லை. ஒவ்வொரு சொல்லையும் கேட்டுப் பார்த்ததில் அது ஒன்றுதான் தன் இடத்தை நிரூபித்தது. சந்தைப் பயிர்கள் பற்றிய ஸ்லைடாக இருந்தால் ஐந்து ஆங்கிலச் சொற்கள் மிஞ்சலாம், அதிலும் தவறில்லை. 'சிற்றினம்' என்ற சொல்லை இங்கே விட்டுவிட்டோம். உயர்நிலை வகுப்பில் உயிரியல் பாடநூல் அதைக் கேட்கும்போது அதையே எழுதுவோம்.

ஒன்றைக் கவனியுங்கள். வாட்டில் மரம் என்று ஒரு முறை எழுதிவிட்டால், அந்தத் தொகுப்பின் கடைசி ஸ்லைடு வரை வாட்டில் மரம்தான். நான்காவது ஸ்லைடில் 'சீகை', ஏழாவதில் 'அயல் மரம்' என்று மாற்றினால் பிள்ளை மூன்று மரங்களை எண்ணிக்கொள்ளும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது கட்டுரைக்கு அழகில்லாமல் இருக்கலாம். ஸ்லைடுக்கு அதுவே பாதுகாப்பு. வேறு பெயர்கள் இருந்தால் வாயால் சொல்லுங்கள், அல்லது தொகுப்பின் முடிவில் 'இதற்கு மற்றப் பெயர்கள்' என்று தனியே ஒரு ஸ்லைடு வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறி போட்டு ஆங்கிலத்தை அடுக்கினால் வரி இரட்டிப்பாகும். பிள்ளை எதை எழுதிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் எழுதும்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளையை ஸ்லைடைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் நின்று மறுபடி தொடங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, குறித்த சொல்லை வைத்து ஒரு வாக்கியம் கேளுங்கள். சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னால் அது மனப்பாடம். 'எங்க ஊர்ல வாட்டில் மரத்தை வெட்டுறாங்க சார்' என்று தானாக உருபு சேர்த்து ஒரு வாக்கியம் வந்துவிட்டால் சொல் தங்கிவிட்டது.

நின்ற சொல் தமிழாகவும் இருக்கலாம், ஆங்கிலமாகவும் இருக்கலாம். தமிழ்ச் சொல்லில் நின்றால் உடனே ஆங்கிலத்துக்கு ஓட வேண்டாம். அது பாடநூல் சொல்லா என்று பாருங்கள். பாடநூல் சொல் என்றால் அதைக் கற்றுக்கொடுப்பதுதான் நம் வேலை, நிற்பது இயல்பு. பாடநூலில் இல்லாமல் நாமே தேடிப் பிடித்த சொல் என்றால் அதை மாற்றிவிடலாம். ஆங்கிலச் சொல்லில் நின்றால், துணைக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் நிற்கிறது என்றால் சொல்லையே மாற்றுங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வந்த நீங்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒரு தொகுப்பாவது வைத்திருப்பீர்கள். அதில் ஒரே ஒரு ஸ்லைடை எடுத்து, ஆங்கிலச் சொற்களின் கீழே ஒரு கோடும், நீங்கள் பேச்சில் ஒருபோதும் சொல்லாத தமிழ்ச் சொற்களின் கீழே இரண்டு கோடும் போடுங்கள். கோடு விழுந்த ஒவ்வொன்றையும், பிள்ளை இதை அடுத்து எங்கே பார்க்கும் என்று கேளுங்கள். மாற்றிய ஸ்லைடையும் பழைய ஸ்லைடையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேல்மலைப் பிள்ளைகள் நிற்கும் சொல்லும் கீழ்மலைப் பிள்ளைகள் நிற்கும் சொல்லும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் ஒன்றியத்துக்கு ஒரு நல்ல சொற்பட்டியல் கிடைக்கும்.